மனச்சிதைவு நோய்: மருந்தை நிறுத்திய உடன் பாதிப்பு தெரியாதது ஏன்? குடும்பத்தினர் கவனிக்க வேண்டிய ஆரம்ப அறிகுறிகள்

ஸ்கிசோஃப்ரினியா எனப்படும் மனச்சிதைவு நோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், உடல்நிலை தேறிய பிறகு மருந்தை நிறுத்திவிடுவது பல குடும்பங்களில் நடக்கிறது. "நன்றாகத்தானே இருக்கிறார், இனி மாத்திரை எதற்கு?" என்ற எண்ணமே இதற்கு முக்கியக் காரணம்.

இம்மருந்துகள் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளின் செயல்பாட்டை மட்டுப்படுத்தி, நோயைக் கட்டுக்குள் வைக்கின்றன; முற்றிலும் நீக்குவதில்லை. மருந்தை நிறுத்தியதும் தூக்கக் கலக்கம் குறைவதால், தொடக்கத்தில் அவர் முன்பைவிடச் சுறுசுறுப்பாகக்கூடத் தோன்றலாம். நோய் பெரும்பாலும் சில வாரங்கள் அல்லது மாதங்கள் கழித்தே திரும்புகிறது. அதனால் இரண்டுக்கும் உள்ள தொடர்பைக் குடும்பத்தினர் உணர்வதில்லை.

65 ஆய்வுகளைத் தொகுத்து 2012-ல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான பகுப்பாய்வின்படி, மருந்தைத் தொடர்ந்தவர்களில் 27 சதவீதத்தினருக்கும், மருந்தில்லாத மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களில் 64 சதவீதத்தினருக்கும் ஓராண்டுக்குள் நோய் திரும்பியது. அதாவது, மருந்து ஆபத்தைப் பெருமளவு குறைத்தாலும் முழுமையாகத் தடுப்பதில்லை. எனவே அறிகுறிகளைக் கவனிப்பதும் அவசியம்.

ஓர் எடுத்துக்காட்டு

கடையில் கணக்கு எழுதும் 26 வயது இளைஞர் ஒருவர் ஜனவரியில் மாத்திரையை நிறுத்துகிறார் என்று கொள்வோம். மார்ச்சில் இரவு 3 மணி வரை விழித்திருக்கிறார். அடுத்த வாரம் தனியாகச் சாப்பிடத் தொடங்குகிறார். பிறகு, பக்கத்து வீட்டார் தன்னைப் பற்றியே பேசுவதாகக் கூறுகிறார். வேலைப்பளு என்று வீட்டார் நினைக்க, இரு வாரங்களில் அவருக்கு மீண்டும் குரல்கள் கேட்கின்றன. மருத்துவமனையில் சேர்க்க நேரிடுகிறது.

தூக்கம் கெடுதல், ஒதுங்குதல், சந்தேகம் என்ற இந்த வரிசையைக் குடும்பத்தினர் எழுதி வைத்துக்கொண்டால், அடுத்த முறை தூக்கம் கெட்ட சில நாட்களிலேயே மருத்துவரை அணுகலாம். இந்த வரிசை ஆளுக்கு ஆள் மாறும். ஆனால் ஒருவருக்கு முன்பு வந்த அறிகுறிகளே பெரும்பாலும் மீண்டும் வருகின்றன.

குடும்பத்தினர் செய்ய வேண்டியவை

மாத்திரை அட்டையில் மீதமுள்ளவற்றை வாரம் ஒருமுறை, அவருக்குத் தெரிந்தே எண்ணிப் பார்க்கலாம். மாத்திரைகள் மிஞ்சியிருந்தால் கடிந்துகொள்ளாமல் காரணம் கேட்க வேண்டும். உடல் எடை கூடுதல், கை நடுக்கம், பகல் தூக்கம் போன்ற பக்கவிளைவுகளே காரணமாக இருக்கலாம். அதற்காக மருந்தின் அளவையோ மருந்தையோ மருத்துவரால் மாற்ற முடியும். தினமும் மாத்திரை எடுக்க இயலாதவர்களுக்கு இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உள்ளன.

ஒருவேளை மருந்து தவறிவிட்டால், அதை ஈடுகட்ட அடுத்த வேளையில் இரட்டிப்பாகக் கொடுக்கக் கூடாது. குளோசபின் மருந்து 48 மணி நேரத்துக்கு மேல் தவறியிருந்தால், பழைய அளவிலேயே மீண்டும் தொடங்குவது ஆபத்தானது. மருத்துவரைக் கேட்ட பின்னரே தொடங்க வேண்டும்.

தற்கொலைப் பேச்சு, உணவை முற்றிலும் மறுத்தல், பிறரைத் தாக்க முயலுதல் ஆகியவை தென்பட்டால் உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மத்திய அரசின் டெலி மானஸ் உதவி மையத்தை 14416 என்ற கட்டணமில்லா எண்ணில் எந்நேரமும் தொடர்புகொள்ளலாம்.