சோப்பு உறையில் என்ன எழுதுவது?

பொள்ளாச்சிப் பக்கம் ஒரு குடும்பம் சொந்தக் கொப்பரையைச் செக்கில் ஆட்டி, அந்த எண்ணெயில் கையால் குளியல் சோப்பு செய்து விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். உறையில் 'உயர்தரமான, அற்புதமான, இயற்கையான சோப்பு' என்று அச்சடித்தாயிற்று. பக்கத்துக் கடையில் இருக்கும் கம்பெனி சோப்பிலும் இதே வார்த்தைகள்தான். அதைவிட இரண்டு மடங்கு விலை கொடுத்து இதை ஏன் வாங்க வேண்டும் என்று உறையைப் படிப்பவருக்குத் தெரியாது.

உறையை ஓரமாக வைத்துவிட்டு, ஒரு கட்டியைக் கிணற்றடிக்கு எடுத்துப் போங்கள். கண்ணும் மூக்கும் கையும் சொல்வதை அப்போதே நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில் மூக்கு. 'தேங்காய் மணம் கமழும்' என்று எழுதத்தான் எல்லோருக்கும் கை வரும். ஆனால், காஸ்டிக் சோடாவுடன் சேர்ந்து எண்ணெய் சோப்பாக மாறும்போது அந்த மணம் பெரும்பாலும் போய்விடும். நான்கு வாரம் உலர்ந்த கட்டியில், துவைத்து வெயிலில் காய்ந்த வேட்டியின் வாசம்தான் இருக்கும். அதையே எழுதலாம். தேங்காய் மணத்தை எதிர்பார்த்து வாங்கியவர் வீட்டில் போய் முகர்ந்து பார்த்துவிட்டு, மறுமுறை வரமாட்டார்.

அடுத்து நுரை. தேங்காய் எண்ணெய் சோப்பின் பலமே இதுதான். மற்ற சோப்பு திரிந்து போகிற உப்புத் தண்ணீரிலும் இது நுரைக்கும். போர்வெல் தண்ணீரில் குளிக்கும் ஊர்க்காரருக்கு 'அற்புதம்' என்ற சொல்லைவிட இந்த ஒரு வரி போதும்.

தொடு உணர்வில் ஒரு சங்கடம் உண்டு. தேங்காய் எண்ணெய் மட்டும் சேர்த்த சோப்பு, குளித்தபின் தோலை இழுக்கும். ஒரு கிலோ எண்ணெய் முழுவதும் சோப்பாக மாற சுமார் 183 கிராம் காஸ்டிக் சோடா வேண்டும். இந்தக் குடும்பம் 150 கிராம்தான் எடைபோட்டுச் சேர்க்கிறது. மீதி எண்ணெய் கட்டியிலேயே தங்குவதால் இழுப்பு குறைகிறது. ஆனாலும் வறண்ட தோலுக்கு இழுப்பு தெரியும். அதை மறைக்க வேண்டாம்.

மழைக்காலத்தில் கட்டியின் மேல் முத்து முத்தாக நீர் கோக்கும். சோப்பில் உள்ள கிளிசரின் காற்றின் ஈரத்தை இழுப்பதால் வருவது அது. உறையில் சொல்லாவிட்டால், 'சோப்பு கெட்டுப்போச்சு' என்று திருப்பிக் கொண்டுவருவார்கள்.

இனி உறையில் இப்படி எழுதலாம்:

'எங்கள் தோப்புக் கொப்பரையில் ஆட்டிய எண்ணெய். பால் வெள்ளைக் கட்டி. வெயிலில் காய்ந்த வேட்டியின் வாசம். உப்புத் தண்ணீரிலும் பெரிய பெரிய நுரை வரும், சட்டென்று அலசிப் போகும். வறண்ட தோல் என்றால் குளித்தபின் கொஞ்சம் எண்ணெய் தடவுங்கள். மழைநாளில் கட்டி வியர்த்தால் துடைத்துப் பயன்படுத்தலாம். தண்ணீர் தேங்கும் பெட்டியில் வைத்தால் சீக்கிரம் கரையும்.'

'சொறி, படை தீரும்' என்று மட்டும் சேர்த்துவிடாதீர்கள். அது மருந்துக்கான வாக்குறுதி, சட்டச் சிக்கல் வரும். விற்பனைக்குக் குளியல் சோப்பு செய்ய அழகுப்பொருள் தயாரிப்பு உரிமமும் வாங்கியிருக்க வேண்டும்.