அடைப்பை எடுக்க ஒரு மனு: ‘ஐயா’ முதல் ‘இப்படிக்கு’ வரை

நகராட்சிக்கு மனு எழுத உட்காரும்போது பலருக்கும் ஒரே நேரத்தில் இரண்டு குரல்கள் வந்துவிடுகின்றன. ஒன்று கோபக்குரல், மற்றொன்று கும்பிடு போடும் குரல். தெருச் சாக்கடை அடைத்துக்கொண்டு, கழிவுநீர் வாசலில் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அந்தத் தெருவாசி ஒருவர் அவசரத்தில் எழுதும் மனு ஏறக்குறைய இப்படி இருக்கும்.

அனுப்புனர்: (பெயர்), திருவள்ளுவர் தெரு.
பெறுனர்: மாண்புமிகு திரு. கமிஷனர் அவர்கள், நகராட்சி.

அன்புள்ள கமிஷனர் அவர்களே,
எங்கள் தெருவில் ரொம்ப நாளாக சாக்கடைத் தண்ணீர் ரோட்டில் ஓடுகிறது. பல தடவை சொல்லியும் நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை. கொசுத் தொல்லை தாங்க முடியவில்லை. ஆகையால் தாங்கள் உடனே ஆட்களை அனுப்பி அடைப்பை எடுக்க வேண்டும். தங்கள் பொற்பாதங்களைப் பணிந்து மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன். ஆவண செய்யவும்.

இப்படிக்கு,
என்றும் அன்புடன்,
உங்கள் கீழ்ப்படிந்த ஊழியன்.

சொல்ல வந்த விஷயம் நியாயமானது. ஆனால் இந்தக் கடிதத்தில் பேசுகிறவர் யார் என்றே தெரியவில்லை. ‘அன்புள்ள’ என்னும்போது உறவினர், ‘எடுக்க வேண்டும்’ என்னும்போது மேலதிகாரி, ‘பொற்பாதங்கள்’ என்னும்போது அரண்மனை வாசலில் நிற்பவர், கையெழுத்தில் ஊழியர். வரி கட்டும் நகரவாசி மட்டும் எங்கும் காணோம்.

மேலிருந்து திருத்திக்கொண்டு வரலாம். ‘அனுப்புநர்’, ‘பெறுநர்’ என்று ‘ந’கரம் போட்டு எழுதுவதே சரி. ‘இயக்குநர்’, ‘ஓட்டுநர்’ எல்லாம் அதே வகைதான். ‘அனுப்புனர்’ என்று எழுதியதற்காக எந்த மனுவும் திரும்பி வரப்போவதில்லை. என்றாலும் கண்ணில் முதலில் படும் சொல் அதுதான்.

அனுப்புநர் முகவரியில் தெருப் பெயர் மட்டும் இருந்தால் போதாது. கதவு எண், வார்டு எண், கைப்பேசி எண் மூன்றும் வேண்டும். பார்வையிட வருகிற ஆய்வாளர் வார்டை வைத்துத்தான் வழி கண்டுபிடிப்பார்.

பெறுநர் பகுதியில்தான் மரியாதைச் சொற்கள் தடம் புரள்கின்றன. ‘மாண்புமிகு’ என்பது அமைச்சர்களுக்கும் சட்டமன்றத் தலைவர் போன்றோருக்கும் உரிய அடைமொழி. மாநகராட்சி மேயரை முன்பு ‘வணக்கத்திற்குரிய’ என்று குறிப்பிடுவார்கள். நீதிபதிகளுக்கு ‘மாண்பமை’. நகராட்சி ஆணையாளர் மக்கள் பிரதிநிதி அல்லர், அரசு அலுவலர். அவருக்கு ‘உயர்திரு’ போதும், வெறும் ‘திரு’ என்றாலும் குறைவில்லை. ‘மாண்புமிகு திரு’ என்று இரண்டையும் அடுக்கினால் மரியாதை இரட்டிப்பாவதில்லை, எழுதியவர் குழம்பியிருக்கிறார் என்பதுதான் தெரிகிறது.

இதில் கொஞ்சம் பழங்கதையும் இருக்கிறது. சென்னை மாகாண காலத்துக் காகிதங்களில் பெயருக்கு முன் ‘மகாராஜராஜஸ்ரீ’ என்று போடுவார்கள், அதைச் சுருக்கி ‘ம-ள-ள-ஸ்ரீ’ என்றும் எழுதுவார்கள். ‘சமூகத்திற்கு’ என்று முடிகிற முகவரிகளும் அந்த வழக்கைச் சேர்ந்தவை. 1967இல் அண்ணா ஆட்சிக்கு வந்தபின் ‘ஸ்ரீ’, ‘ஸ்ரீமதி’, ‘குமாரி’ போய் ‘திரு’, ‘திருமதி’, ‘செல்வி’ அரசு வழக்காயின. முகவரி மாறியது. மனுவின் உடம்புக்குள் மட்டும் பொற்பாதங்கள் இன்னும் எங்கேயோ ஒட்டிக்கொண்டிருக்கின்றன.

ஆணையாளரின் பெயரைத் தேடி எழுத வேண்டுமா? தேவையில்லை. அலுவலர்கள் மாற்றலாகிப் போவார்கள், பதவி அங்கேயே இருக்கும். ‘உயர்திரு ஆணையாளர் அவர்கள்’ என்று பதவிக்கு எழுதுவதே முறை. சில ஊர்ப் பலகையில் ‘ஆணையர்’ என்றும் சில ஊர்ப் பலகையில் ‘ஆணையாளர்’ என்றும் இருக்கும், பலகையில் உள்ளதை அப்படியே எழுதலாம். பேரூராட்சி என்றால் அங்கே ஆணையாளர் கிடையாது, செயல் அலுவலர்தான்.

அடுத்து விளி. ‘அன்புள்ள’ அத்தைக்கும் நண்பருக்கும் உரியது. அலுவலகத்துக்கு ‘ஐயா,’ என்ற ஒரு சொல் போதும். ‘மதிப்பிற்குரிய ஐயா,’ என்றாலும் அழகுதான். ஆணையாளர் பெண் என்றால் ‘அம்மையீர்,’ அல்லது ‘அம்மா,’. யாரென்று தெரியாதபோது ‘ஐயா / அம்மையீர்,’ என்று எழுதிவிடுவது பாதுகாப்பு. பெண் அலுவலருக்குப் போகும் மனுவில் பழக்கதோஷத்தில் ‘ஐயா’ என்று விழுந்துவிடுவது அடிக்கடி நடக்கிறது. வாயிற்காவலரிடம் ஒரு வார்த்தை கேட்டாலே தீர்ந்துபோகிற சங்கதி அது.

முதல் மனுவில் ‘பொருள்’ என்ற வரியே இல்லை. இதுதான் உண்மையில் பெரிய குறை. மனு முதலில் போய்ச் சேர்வது ஆணையாளர் கையில் அல்ல, தபால் பிரிவில். அங்கே இருப்பவர் அதைப் பொறியியல் பிரிவுக்கு அனுப்புவதா, பொது சுகாதாரப் பிரிவுக்கு அனுப்புவதா என்று முடிவு செய்ய வேண்டும். திறந்த கால்வாயில் மண்ணும் குப்பையும் அடைத்திருந்தால் பொதுவாகச் சுகாதாரப் பிரிவு தூர் வாரும். கால்வாயே இடிந்திருந்தாலோ பாதாளச் சாக்கடை பொங்கினாலோ அது பொறியியல் பிரிவின் வேலை. ‘சாக்கடைப் பிரச்சினை’ என்று மொட்டையாக எழுதினால் காகிதம் இரண்டு மேசைக்கும் நடந்துகொண்டிருக்கும்.

அலுவலகக் காகிதங்களில் பொருள் வரியைச் சிறு கோடுகளால் பிரித்து எழுதுவது வழக்கம்: இடம், பிரச்சினை, கோரிக்கை, கடைசியில் ‘தொடர்பாக’. மனுதாரரும் அதே பாணியில் எழுதிக் கொடுத்தால், எழுத்தர் தம் பதிவேட்டில் அதை அப்படியே ஏற்றிக்கொள்ளலாம்.

இனி உடல் பகுதி. ‘நீங்கள் கண்டுகொள்ளவே இல்லை’ என்பதை நீக்கச் சொன்னால் மனுதாரருக்குக் கோபம் வரலாம், உண்மையைத்தானே சொன்னேன் என்பார். உண்மைதான், ஆனால் அதில் நாள் இல்லை, இடம் இல்லை. ‘02.06.2025 அன்று வார்டு அலுவலகத்தில் நேரில் தெரிவித்தும் இதுவரை அடைப்பு நீக்கப்படவில்லை’ என்று எழுதிப் பார்க்கட்டும். குற்றச்சாட்டுச் சொல் ஒன்றுகூட இல்லை. படிக்கிற அலுவலருக்கு உறுத்தப்போவது இந்த வாக்கியம்தான், ஏனென்றால் இதற்குப் பதில் எழுதியாக வேண்டும். ‘ரொம்ப நாளாக’ என்பதும் அப்படியே, எந்த நாளிலிருந்து என்று போட வேண்டும்.

‘நீங்கள்’ என்று தொடங்கி ‘தாங்கள்’ என்று தாவியிருப்பதையும் பார்க்கலாம். மனுவில் ‘தாங்கள், தங்கள்’ என்று ஒரே நிலையில் நிற்பதே ஒழுங்கு. அதைவிட நல்லது, முன்னிலையை அதிகம் புழங்காமல் இருப்பது. கால்வாய் அடைத்திருக்கிறது, நீர் தேங்குகிறது, கொசு பெருகுகிறது என்று பொருளையே எழுவாயாக வைத்து எழுதினால் யாரையும் சுட்டாமலே செய்தி போய்விடும்.

வினைமுற்றில்தான் பணிவு குடியிருக்கிறது. ‘எடுக்க வேண்டும்’ என்பது கட்டளை, ‘செய்யவும்’ என்பது கீழ்நிலை அலுவலருக்கு மேலிருந்து வரும் குறிப்பு. ‘கேட்டுக்கொள்கிறேன்’ தவறில்லை, பலரும் எழுதுகிறார்கள். ஆனால் நகராட்சி தன் அறிவிப்புகளில் பொதுமக்களைப் பார்த்துச் சொல்வதும் ‘கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்’ என்றுதான். மனுதாரர் பக்கமிருந்து ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ என்று முடித்தால் திசை தெளிவாக இருக்கும். ‘தாழ்மையுடன்’, ‘மிகவும் தாழ்மையுடன்’, ‘பொற்பாதங்கள்’ எல்லாம் சேர்த்து ஒரே ஒரு ‘பணிவுடன்’ போதும், அதுவும் ஒருமுறை.

‘ஆவண’ என்பதில் மூன்று சுழி ‘ண’ வந்தால் அது பத்திரம், பதிவு சம்பந்தப்பட்ட சொல்லாகிவிடும். ஆக வேண்டியவற்றைச் செய்ய என்ற பொருளில் ‘ஆவன செய்யுமாறு’ என்பதே சரி. அச்சடித்த மனுக்களில்கூட இந்தப் பிழை தாராளமாகக் கிடைக்கிறது.

கடைசியில் ‘கீழ்ப்படிந்த ஊழியன்’. ஆங்கிலேயர் காலத்துக் கடித முடிவின் மிச்சம் அது. மனுதாரர் நகராட்சியின் ஊழியர் அல்லர், ஆகவே அது பணிவுமல்ல, தகவல் பிழை. ‘தங்கள் உண்மையுள்ள’ என்பது பொருந்தும். ‘என்றும் அன்புடன்’ கல்யாணப் பத்திரிகையோடு போகும் கடிதத்துக்கு ஆகட்டும்.

திருத்திய மனு இதோ:

அனுப்புநர்
(பெயர்), (கதவு எண்), திருவள்ளுவர் தெரு, 14ஆவது வார்டு, (ஊர், அஞ்சல் எண், கைப்பேசி எண்).

பெறுநர்
உயர்திரு ஆணையாளர் அவர்கள், நகராட்சி அலுவலகம், (ஊர்).

ஐயா,

பொருள்: 14ஆவது வார்டு – திருவள்ளுவர் தெரு – திறந்த கழிவுநீர்க் கால்வாய் அடைப்பு – தூர் வாரக் கோருதல் – தொடர்பாக.

வணக்கம். மேற்கண்ட முகவரியில் குடியிருந்து வருகிறேன். எங்கள் தெருவின் கிழக்குப் பக்கக் கால்வாய் 20.05.2025 முதல் அடைத்துக்கொண்டு, கழிவுநீர் சாலையில் தேங்குகிறது. அருகில் அங்கன்வாடி இருப்பதால் குழந்தைகள் இந்த நீரைக் கடந்தே செல்ல வேண்டியுள்ளது. கொசுவும் பெருகியுள்ளது.

இது குறித்து 02.06.2025 அன்று வார்டு அலுவலகத்தில் நேரில் தெரிவித்தும் இதுவரை அடைப்பு நீக்கப்படவில்லை.

எனவே, இந்த இடத்தைப் பார்வையிட்டு, கால்வாயைத் தூர் வார ஆவன செய்யுமாறு பணிவுடன் வேண்டுகிறேன். நன்றி.

இடம்:
நாள்: 16.06.2025

தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: 1. ஒளிப்படங்கள் – 2. 2. தெருவாசிகளின் கையொப்பப் பட்டியல்.

மனுவை இரண்டு பிரதியாக எடுத்துப்போய், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதில் நாளோடு முத்திரை வாங்கிக்கொள்வது நல்லது. குறைதீர் மனுக்களுக்கு மூன்று நாளில் ஒப்புகை தர வேண்டும், ஒரு மாதத்தில் தீர்வு காண வேண்டும் என்று தமிழக அரசு 2015இல் பிறப்பித்த அரசாணை எண் 99 சொல்கிறது. நடைமுறையில் அந்த ஒரு மாதம் நீண்டுபோவதும் உண்டு.

அப்போது இரண்டாவது மனு எழுத வேண்டிவரும். அதில் பொருளுக்குக் கீழே ‘பார்வை’ என்று ஒரு வரி கூடும்: ‘எனது 16.06.2025 நாளிட்ட மனு’. அலுவலகம் ந.க. எண் கொடுத்திருந்தால் அதையும் சேர்க்க வேண்டும், கோப்பைத் தேட அதுதான் சாவி. ‘எத்தனை முறை எழுதுவது?’ என்று வெடிப்பதற்குப் பதில், ‘பார்வையில் கண்ட மனுவின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையைத் தெரிவிக்குமாறு வேண்டுகிறேன்’ என்று எழுதினால், கோபம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிடும்.

அதற்கும் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. அந்த விண்ணப்பம் ஆணையாளருக்கு அல்ல, அதே அலுவலகத்தின் ‘பொதுத் தகவல் அலுவலர்’ என்ற பெயருக்குப் போக வேண்டும். கட்டணம் 10 ரூபாய், தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டண வில்லையாகவே ஒட்டிக் கொடுக்கலாம். மொழியும் அங்கே சற்று மாறுகிறது. ஏன் கேட்கிறேன் என்று காரணம் சொல்ல வேண்டியதில்லை, அங்கன்வாடியும் கொசுவும் அதில் வேண்டாம். ‘எனது 16.06.2025 நாளிட்ட மனு எந்தப் பிரிவுக்கு, எந்த நாளில் அனுப்பப்பட்டது? அதன் மீது எழுதப்பட்ட குறிப்புகளின் நகல்களை வழங்கக் கோருகிறேன்’ என்று எழுதலாம். ‘ஐயா’ அப்படியே இருக்கும், ‘பணிவுடன் வேண்டுகிறேன்’ மட்டும் ‘கோருகிறேன்’ என்று ஆகிவிடும்.