இலக்கம் மாறிப் போன பணத்துக்கு ஒரு கடிதம்

உதாரணத்துக்கு ஒரு மளிகைக் கடையை எடுத்துக்கொள்வோம். கடை மதுரைப் பக்கம். பருப்பும் எண்ணெயும் வருவது விருதுநகர் மொத்த வியாபாரியிடமிருந்து. புதிதாகத் தொடங்கிய கணக்கின் எண்ணை அவர் வாட்ஸ்அப்பில் அனுப்ப, கடைக்காரர் அதைச் செயலியில் பதிந்து 48,500 ரூபாயை நெஃப்ட்டில் அனுப்பிவிடுகிறார். கணக்கு எண் 4471 என்று முடிய வேண்டும். இவர் அடித்தது 4417. "திரும்ப உள்ளிடவும்" என்று செயலி கேட்டபோது சீட்டைப் பார்க்காமல், முதலில் அடித்ததையே பார்த்து அடித்திருக்கிறார். "அண்ணாச்சி, பணம் இன்னும் ஏறலையே" என்று சாயங்காலம் போன் வந்தபோதுதான் விஷயம் தெரிகிறது.

வங்கிக்கு ஓடுகிறவர்கள் அநேகமாக முதலில் கேட்பது, "பெயரைச் சரியாகத்தானே போட்டேன், வேறு ஆள் கணக்கில் எப்படி ஏற்றினீர்கள்?" என்பதுதான். கேள்வி நியாயமாகத் தோன்றும், ஆனால் எடுபடாது. நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் இரண்டிலும் கணக்கு எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம், எண்ணைச் சரியாகத் தருவது அனுப்புகிறவர் பொறுப்பு என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே சொல்லிவிட்டது. 2025 ஏப்ரல் முதல், அனுப்புவதற்கு முன்பே அந்தக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ளும் வசதியை வங்கிகள் தர வேண்டும். ஆனால் திரையில் வருகிற பெயரை அவசரத்தில் யார் படிக்கிறார்கள்?

கடிதம் எழுத உட்காரும் முன் ஒன்றைப் பார்த்துவிட வேண்டும். 4417 என்று முடியும் அப்படியொரு கணக்கே இல்லையென்றால் பணம் தானாகத் திரும்பும். நெஃப்ட் பணம் அரை மணிக்கொரு தொகுப்பாகப் போகிறது. வரவு வைக்க முடியாத தொகையை, அந்தத் தொகுப்பு முடிந்த இரண்டு மணி நேரத்துக்குள் எதிர்முனை வங்கி திருப்பியாக வேண்டும். அதற்கு மேலும் திரும்பவில்லையென்றால் அந்த எண்ணில் யாரோ ஒருவர் இருக்கிறார், அவர் கணக்கில் பணம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

இங்கேதான் பலருக்கும் புரியாத இடம். உங்கள் வங்கியால் அந்தப் பணத்தை இழுத்துக்கொண்டு வர முடியாது. அந்த மனிதரின் வங்கியும் அவர் சம்மதமோ நீதிமன்ற உத்தரவோ இல்லாமல் அதில் கை வைக்காது. அவர் பெயர், விலாசம், போன் எண் எதையும் உங்களுக்குச் சொல்லவும் மாட்டார்கள். அது அவர்கள் காக்க வேண்டிய ரகசியம். ஆகவே நீங்கள் எழுதுவது, "அவரிடம் கேட்டு வாங்கித் தாருங்கள்" என்ற விண்ணப்பம். உங்கள் கிளை அதை அந்த வங்கிக்கு அனுப்பும், அந்த வங்கி தன் வாடிக்கையாளரைக் கூப்பிட்டுக் கேட்கும். அவர்கள் முகம் பார்க்காத உங்களை நம்புவதற்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்க வேண்டும். இப்படி எழுதலாம்:

"பெறுநர்: கிளை மேலாளர் அவர்கள்.

பொருள்: தவறான கணக்கிற்குச் சென்ற ரூ.48,500-ஐத் திரும்பப் பெற்றுத் தரக் கோருதல்.

ஐயா, தங்கள் கிளையில் எங்கள் கடையின் பெயரில் நடப்புக் கணக்கு (முழு எண்) உள்ளது. 12.08.2025 அன்று பிற்பகல் 2.10 மணிக்குச் செயலி வழியாக நெஃப்ட் மூலம் ரூ.48,500 அனுப்பினேன். யூடிஆர் எண்: (16 எழுத்து, எண்கள்). பணம் சென்றிருக்க வேண்டிய கணக்கு: (எண், பெயர், ஐஎஃப்எஸ்சி). தவறுதலாகச் சென்ற கணக்கு: (எண், ஐஎஃப்எஸ்சி). கடைசி இரண்டு இலக்கங்களை நான் மாற்றி உள்ளீடு செய்ததே காரணம். அக்கணக்குதாரருடன் எனக்கு எவ்விதக் கொடுக்கல் வாங்கலும் இல்லை.

பெறும் வங்கியை உடனே தொடர்பு கொண்டு, இத்தொகை வெளியே எடுக்கப்படாதபடி நிறுத்தி வைக்கவும், கணக்குதாரரின் சம்மதம் பெற்று என் கணக்கிற்குத் திருப்பவும் கேட்டுக்கொள்கிறேன். இதனால் வங்கிக்கு இழப்பு ஏதும் நேர்ந்தால் நான் பொறுப்பேற்கிறேன். இணைப்பு: பரிவர்த்தனை ரசீது, வியாபாரியின் பில் நகல், வியாபாரி கணக்கு எண் அனுப்பிய செய்தியின் பிரதி, அடையாள அட்டை நகல்.

இப்படிக்கு, (உரிமையாளர் கையொப்பம், கடை முத்திரை, கைபேசி எண்)."

இரண்டு கணக்கு எண்களும் அடுத்தடுத்து இருப்பதைக் கவனியுங்கள். 4471, 4417 என்று பார்த்த மாத்திரத்தில் கை தவறியது எவருக்கும் புரிந்துவிடும். பில் நகலில் அதே 48,500 இருந்தால் மறுபேச்சுக்கு இடமில்லை. வங்கி மீது குறை சொல்லி இரண்டு பத்தி எழுதுவதைவிட "நான் மாற்றி உள்ளீடு செய்தேன்" என்ற ஒரு வரி வேலையை வேகமாக நகர்த்தும். நிறுத்தி வைக்கச் சொல்லும் வரியும் விட்டுவிடக் கூடாதது. அந்தக் கணக்கில் மாதத் தவணை கழிய இருக்கலாம், அல்லது அது ஓவர் டிராஃப்ட் கணக்காக இருந்து பணம் பழைய கடனில் கரைந்துவிடலாம். பிறகு அவருக்கு மனம் இருந்தாலும் கையில் பணம் இருக்காது.

சீக்கிரம் நடக்கட்டும் என்று "மோசடி" என்று எழுதச் சொல்லும் ஆலோசகர்கள் உண்டு. 1930-க்குப் போன் போடு என்பார்கள். அது சைபர் மோசடிக்கான எண். ஏமாற்றாத ஒருவரை ஏமாற்றினார் என்று பொய்யாகப் புகார் செய்தால் அவருடைய கணக்கு முடக்கப்படலாம். நாளை சம்மதம் தர வேண்டியவரை இன்றே எதிரியாக்கிக்கொள்வதில் என்ன லாபம்?

கடிதத்தின் நகலில் தேதியோடு கிளை முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள், புகார் எண் கேளுங்கள். பிறகு காத்திருக்க வேண்டியதுதான். எதிர்முனையில் இருப்பவர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. "தவறிப் பணம் வந்துவிட்டது, இந்த எண்ணுக்குத் திருப்பி அனுப்புங்க" என்று கூப்பிட்டு ஏமாற்றும் கும்பல்கள் இருக்கும் காலம் இது. அவருடைய வங்கி கேட்டு, வங்கி வழியாகவே பணம் திரும்பினால் இரு தரப்புக்கும் பயமில்லை.

அவர் முடியாது என்று சொன்னால் சட்டம் உங்கள் பக்கம்தான். தவறுதலாகப் பெற்ற பணத்தைத் திருப்பித் தந்தாக வேண்டும் என்கிறது 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72-வது பிரிவு. தன் பணம் இல்லை என்று தெரிந்தே நேர்மையில்லாமல் செலவழித்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 314-வது பிரிவும் பாயலாம். வக்கீல் நோட்டீசை அந்த வங்கி வழியாக அவருக்குச் சேர்ப்பிக்கக் கேட்கலாம். ஆனால் வழக்கு என்று இறங்கினால் 48,500 ரூபாய்க்கு எவ்வளவு அலைவது என்ற கணக்கையும் போட்டுக்கொள்ள வேண்டும். ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாமே என்றால், வங்கி 30 நாளில் பதில் சொல்லவில்லை, கடிதத்தைக் கிடப்பில் போட்டுவிட்டது என்றால் போகலாம். வங்கி கேட்டு, அந்த ஆள் மறுத்தார் என்றால் குறைதீர்ப்பாளர் செய்வதற்கு அதிகம் இல்லை.

இதற்கு நடுவே விருதுநகர்க்காரரின் பாக்கி அப்படியே நிற்கிறது. பணம் திரும்பட்டும் என்று அவரைக் காக்க வைக்க முடியாது, அவருக்குத் தனியாக அனுப்பியாக வேண்டும். கடைப் பேரேட்டிலும் முதல் 48,500-ஐ அவர் பெயரில் எழுதிவிடக் கூடாது. சஸ்பென்ஸ் கணக்கில் யூடிஆர் எண்ணோடு எழுதி, வங்கிக் கடிதத்தின் நகலைப் பக்கத்தில் வைத்துவிட்டால் ஆடிட்டர் கேட்கும்போது தடுமாற வேண்டியதில்லை. திரும்பி வரும் பணம் வேறொரு யூடிஆர் எண்ணில் புது வரவாக வரும். அன்றைக்கு அந்தப் பதிவை நேர் செய்துகொள்ளலாம்.