16 பல், 2 மாட்யூல்: விட்டம் எவ்வளவு?

ஹைட்ராலிக் பம்பு ஒன்றின் தேய்ந்துபோன ஷாஃப்ட் பட்டறைக்கு வருகிறது. அதைப் போலவே புதிதாக ஒன்று செய்து தர வேண்டும். முனையில் சுற்றிலும் வரிசையாகப் பற்கள். பார்த்தால் சின்ன கியர் மாதிரி இருக்கும். ஆனால் இது கியர் இல்லை, ஸ்ப்ளைன். கியரின் பல் இன்னொரு கியரின் பல்லோடு உருண்டு உருண்டு போகும். ஸ்ப்ளைனோ, அதே அளவில் உட்பல் வெட்டிய ஹப்புக்குள் நுழைந்து, எல்லாப் பற்களும் ஒரே சமயத்தில் பிடித்துக்கொள்ள, இரண்டும் ஒன்றாகச் சுழலும். பல்லின் பக்கங்கள் கியரில் உள்ளதுபோலவே இன்வல்யூட் என்ற வளைவில் அமைந்திருந்தால் அது இன்வல்யூட் ஸ்ப்ளைன்.

எண்ணிப் பார்த்தால் 16 பல். மாட்யூல் 2. பல்லின் பருமனைச் சொல்லும் எண்தான் மாட்யூல், மில்லிமீட்டரில் சொல்வார்கள். இரண்டையும் பெருக்கினால் 32 மி.மீ. இது பிட்ச் வட்டத்தின் விட்டம். பல்லின் உயரத்தில் ஏறத்தாழ நடுவே ஓடும் கற்பனை வட்டம் இது; வெர்னியரை எங்கே வைத்தாலும் கிடைக்காது. கடைசல் பிடிப்பவருக்கு வேண்டியது வேறு இரண்டு எண்கள்: பல் நுனியில் அளக்கும் வெளிவிட்டம், பள்ளத்தின் அடியில் அளக்கும் அடிவிட்டம்.

இங்கேதான் பலரும் கியர் கணக்கைப் போட்டுவிடுகிறார்கள். கியரில் பிட்ச் வட்டத்துக்கு மேலே பல் ஒரு மாட்யூல் உயரம் எழும்பும். ஆகவே பல் எண்ணிக்கையோடு 2 கூட்டி மாட்யூலால் பெருக்கினால் வெளிவிட்டம் 36. இரண்டரை கழித்துப் பெருக்கினால் அடிவிட்டம் 27. ஸ்ப்ளைனுக்கு இது பொருந்தாது. கியரில் ஒரு நேரத்தில் ஓரிரு பற்களே சுமை தாங்குவதால், ஒரு பல் விலகுவதற்குள் அடுத்தது வந்து பிடிக்கும் அளவுக்கு உயரம் தேவை. ஸ்ப்ளைனில் யாரும் விலகுவதில்லை. அதனால் பல் குட்டையாக, அரை மாட்யூல் அளவிலேயே நின்றுவிடுகிறது. சாய்வும் கியரின் வழக்கமான 20 பாகை இல்லை. பெரும்பாலும் 30 பாகை.

சர்வதேசத் தரமான ISO 4156, 30 பாகை ஸ்ப்ளைனுக்கு அந்த அரை மாட்யூலை அப்படியே எடுத்துக்கொள்கிறது. பல் எண்ணிக்கையோடு 1 கூட்டி மாட்யூலால் பெருக்கு: 17 × 2 = 34. இதுதான் வெளிவிட்டம். இறுக்கமில்லாமல் நுழைய விடும் சிறு தளர்வை இதிலிருந்து கழிப்பார்கள். அடிவிட்டத்துக்கு இரண்டு விடைகள் உண்டு. பள்ளத்தின் அடி தட்டையாக இருந்தால் 1.5 கழிக்க வேண்டும்: 14.5 × 2 = 29. அடி முழுதும் வளைவாக இருந்தால் 1.8 கழிக்க வேண்டும்: 14.2 × 2 = 28.4. சுமை மாறி மாறி வரும் இடத்தில் கூர்மூலையிலிருந்துதான் விரிசல் தொடங்கும். அதைத் தவிர்க்கத்தான் அந்த வளைவு.

ஆனால் நம் பட்டறைக்கு வந்த ஷாஃப்டில் வெர்னியர் 34.6 காட்டுகிறது. தேய்ந்த பொருள் கணக்கைவிடப் பெரிதாக இருக்க முடியுமா? இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இந்த ஸ்ப்ளைன் பக்கங்களில்தான் பிடிக்கும். நுனி ஹப்பின் அடியைத் தொடுவதே இல்லை. பக்கம் எவ்வளவு தேய்ந்தாலும் நுனி பெரும்பாலும் பழைய அளவிலேயே இருக்கும். பழைய ஷாஃப்டில் நம்பத் தகுந்த சாட்சி வெளிவிட்டம்தான்.

அந்த 34.6 சுட்டுவது ஜெர்மானியத் தரமான DIN 5480-ஐ. ஐரோப்பிய ஹைட்ராலிக் பம்புகளில் அடிக்கடி தென்படுவது இதுதான். வரைபடத்தில் `W 35×2×30×16` என்று எழுதியிருக்கும். W என்றால் ஷாஃப்ட், ஹப்புக்கு N. 35 என்பது குறிப்பு விட்டம், பிறகு மாட்யூல், சாய்வு, பல் எண்ணிக்கை. இந்தத் தரம் பல்லிலிருந்து தொடங்குவதில்லை; பேரிங்கிலிருந்து தொடங்குகிறது. 30, 35, 40 என்பவை பேரிங் துளைகளின் வழக்கமான அளவுகள். 35 துளை பேரிங் ஸ்ப்ளைனைத் தாண்டி வழுக்கிச் செல்ல வேண்டும் என்றால் பல் நுனி 35-க்குச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். எனவே பல் எண்ணிக்கை எதுவானாலும் வெளிவிட்டம், குறிப்பு விட்டத்திலிருந்து மாட்யூலில் ஐந்தில் ஒரு பங்கு குறைவு: 35 − 0.4 = 34.6.

அப்படியானால் 32 என்ற பிட்ச் வட்டம் என்ன ஆனது? அது மாறவில்லை. பல் வெட்டும் கருவியை ஷாஃப்டின் மையத்திலிருந்து 0.4 மி.மீ. விலக்கி வைத்து வெட்டுகிறார்கள். புரொஃபைல் ஷிஃப்ட் என்பது இதற்குப் பெயர். விட்டத்தில் 0.8 கூடும். நுனியின் உயரம் இரு பக்கமும் சேர்த்து 0.9 மாட்யூல், அதாவது 1.8. ஆக 32 + 0.8 + 1.8 = 34.6. கணக்கு நேராகிவிட்டது.

அடிவிட்டம் எப்படி வெட்டுகிறோம் என்பதைப் பொறுத்தது. ப்ரோச் போட்டால் 35-லிருந்து 2.2 மாட்யூல் கழித்து 30.6, ஹாபிங் செய்தால் 2.3 மாட்யூல் கழித்து 30.4, ஷேப்பிங் செய்தால் 2.4 மாட்யூல் கழித்து 30.2. ஷாஃப்ட் முறுக்கைத் தாங்குமா என்று பார்க்கும்போது எடுத்துக்கொள்ள வேண்டியது இந்த விட்டத்தைத்தான். முறுக்கு வலிமை விட்டத்தின் கன அளவில் மாறுவதால், 34.6 மி.மீ. தடித்த கம்பியைவிட 30.4 மி.மீ. கம்பி ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு பலம் குறைந்தது.

தரத்தை மாற்றிக் கணக்கிட்டால் என்ன ஆகும்? மாட்யூலும் பல்லும் சாய்வும் ஒன்றுதானே என்று தோன்றும். ஆனால் பிட்ச் வட்டத்தில் ISO பல்லின் தடிமன் 3.14 மி.மீ.; புரொஃபைல் ஷிஃப்ட் காரணமாக DIN பல்லின் தடிமன் 3.60. ஆகவே DIN ஷாஃப்ட் ISO ஹப்புக்குள் நுழையவே நுழையாது. அதுகூடப் பரவாயில்லை, அங்கேயே தெரிந்துவிடும். ISO ஷாஃப்டை DIN ஹப்பில் போட்டால் சுலபமாக நுழைந்து, ஒவ்வொரு பல்லிடையிலும் ஏறத்தாழ 0.46 மி.மீ. ஆட்டம் காட்டும். ஹப்பைக் கையால் முன்னும் பின்னும் திருப்பினால் டக்கென்று சத்தம் கேட்கும். ஓடத் தொடங்கினால் பக்கங்கள் தட்டித் தட்டிச் செந்நிறத் துரும்பொடி உதிரும்.

அங்குல ஸ்ப்ளைன்களில் அமெரிக்க வழக்கமும் பல்லோடு 1 கூட்டுவதுதான். டிராக்டரின் பின்னால் ரோட்டவேட்டர் மாட்டும் பி.டி.ஓ. ஷாஃப்டில், நிமிடத்துக்கு 1000 சுற்றுக்கான ஒரு வகைக்கு 21 இன்வல்யூட் பற்கள் உண்டு. ஓர் அங்குல பிட்ச் விட்டத்துக்கு 16 பல் என்ற கணக்கில் மாட்யூல் 25.4 ÷ 16 = 1.5875. அதை 22-ஆல் பெருக்கினால் 34.925 மி.மீ., அதாவது சரியாக 1⅜ அங்குலம். கடையில் அதை அந்தப் பெயரிலேயே கேட்கிறார்கள். இதுவும் நம் பம்பு ஷாஃப்டின் 34.6-ம் வெறும் கண்ணுக்கு ஒன்றுதான். 540 சுற்றுக்கான ஆறு பல் ஷாஃப்டும் அதே 1⅜ அங்குலம்தான்; ஆனால் அதன் பற்கள் நேர்ப்பக்கம் கொண்டவை, இந்தக் கணக்கு அதற்குச் செல்லாது.

எனவே "2 மாட்யூல், 16 பல்" என்று மட்டும் எழுதிக் கொடுக்கும் ஆர்டர் பாதி ஆர்டர்தான். தரத்தின் எண், சாய்வு, பள்ளத்தின் அடி தட்டையா வளைவா, DIN என்றால் குறிப்பு விட்டம் ஆகியவற்றையும் கேட்டு எழுதிக்கொண்ட பிறகே இரும்பை அறுக்கச் சொல்லுங்கள்.