மாமன் மடிக்கு இரண்டு நாள் விடுப்பு

"அக்கா பொண்ணுக்குக் காதுகுத்து சார், ரெண்டு நாள் லீவு வேணும்." தமிழ் மேலாளரிடம் இந்த ஒரு வரி போதும். "தாய்மாமனா? போயிட்டு வாங்க" என்று சொல்லிவிடுவார். அதே வரி ஜெர்மனியில் உட்கார்ந்திருக்கும் மேலாளருக்குப் போனால் நிலைமை வேறு. அவர் அறிந்த காதுகுத்து, நகைக்கடையில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடுகிற காரியம். குழந்தையும் கேட்பவருடையது இல்லை. அதற்கு ஏன் இரண்டு நாள், சனிக்கிழமை வைத்துக்கொண்டால் என்ன என்று அவர் கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

இந்த இடத்தில் பலர் காது நரம்பு, மூளை வளர்ச்சி என்று அறிவியல் காரணம் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். அது வேண்டாத வேலை. சடங்கு சரியா தவறா என்பது மேலாளரின் கவலை அல்ல. அங்கே உங்களுக்கு என்ன பொறுப்பு, தேதியை ஏன் மாற்ற முடியாது, நீங்கள் இல்லாத நேரத்தில் வேலை என்னாகும் என்பவைதான் அவருக்குத் தெரிய வேண்டும்.

பொறுப்பைச் சொல்ல, அன்று நடப்பதை அப்படியே சொன்னாலே போதும். தென்மாவட்டங்களில் பெரும்பாலும் குலதெய்வக் கோயிலில்தான் காதுகுத்து. தாய்மாமன் வீட்டார் தேங்காய், பழம், கற்கண்டு, மாலை, குழந்தைக்குப் புதுத்துணி, தோடு எல்லாம் தட்டுகளில் ஏந்தி, மேளத்தோடு சீர் கொண்டு வருவார்கள். மாமன் மடியில் குழந்தையை உட்கார வைத்து முதலில் மொட்டை. பிறகு குளிப்பாட்டி, தலையில் சந்தனம் பூசி, புதுத்துணி உடுத்தி மறுபடியும் அதே மடி. பத்தர் இரண்டு காதிலும் சமமாகப் பொட்டு வைத்து அடையாளம் பார்ப்பார். மாமன் ஒரு கையால் குழந்தையின் தலையை நெஞ்சோடு சேர்த்து அசையாமல் பிடித்துக்கொள்ள, இன்னொரு கை அதன் கைகளைப் பிடித்திருக்கும். தலை கொஞ்சம் திரும்பினாலும் ஓட்டை இடம் மாறிவிடும் என்பதால் இந்தப் பிடி பெயருக்கு அல்ல. குழந்தை வீறிட்டு அழும்போது வாயில் கற்கண்டோ வாழைப்பழமோ வைப்பார்கள்.

ஆக, மாமன் விருந்தாளி அல்ல. சடங்கு நடக்கும் இடமே அவர் மடிதான். கூடப்பிறந்த மாமன் இல்லாத வீட்டில் அம்மாவின் சித்தப்பா, பெரியப்பா மகன் உட்காருவதுண்டு. ஆனால் மாமன் உயிரோடு, ஊரில் இருந்தும் வராமல் போனால், அதைப் பகை என்றுதான் சொந்தபந்தம் எடுத்துக்கொள்ளும். தங்கை வீட்டில் பல வருடம் அந்தப் பேச்சு நிற்காது.

தேதிக்கு வருவோம். ஆடி, மார்கழி தள்ளிப்போகும். பல குடும்பங்களில் ஒன்று, மூன்று, ஐந்து என ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். அதிலும் முகூர்த்த நாள், குழந்தையின் நட்சத்திரம், கோயில், சமையல்காரர் எல்லாம் ஒத்து வரவேண்டும். நாள் வெள்ளிக்கிழமையில் அமைந்தால் காலை ஒன்பதிலிருந்து பத்தரைக்குள் முடிக்கப் பார்ப்பார்கள். பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும்.

சென்னையில் வேலை, சிவகங்கைப் பக்கம் ஒரு கிராமத்தில் கோயில் என்று வைத்துக்கொள்வோம். புதன் இரவு பஸ் ஏறினால் வியாழன் காலை ஊர். அன்று சீர்ச் சாமான் வாங்கித் தட்டு கட்ட வேண்டும். வெள்ளி காலை சடங்கு, மதியம் விருந்து, மொய் எழுதி முடிய மாலையாகும். இரண்டு நாள் கணக்கு இப்படித்தான் வருகிறது. மேலாளருக்கு இவ்வளவும் வேண்டாம். இந்த அளவில் எழுதலாம்:

"என் அக்கா மகளுக்குக் குடும்பக் கோயிலில் முதல் முடி இறக்கிக் காது குத்தும் சடங்கு வெள்ளி காலை நடக்கிறது. எங்கள் வழக்கப்படி தாயின் சகோதரன் குழந்தையை மடியில் வைத்திருக்க வேண்டும், அது நான்தான். நாளும் நேரமும் பஞ்சாங்கப்படி பெரியவர்கள் குறித்தவை, மாற்ற இயலாது. கோயில் ஒரு இரவுப் பயணத் தொலைவு என்பதால் வியாழன், வெள்ளி இரு நாளும் விடுப்பு வேண்டும். என் வேலையைப் புதன் மாலைக்குள் சக ஊழியரிடம் ஒப்படைக்கிறேன். வெள்ளி காலை போனை எடுக்க இயலாது. அவசரமென்றால் மாலையில் பேசலாம்."

மேலாளர் கிறிஸ்தவராக இருந்தால், ஞானஸ்நானத்தின்போது ஞானப்பெற்றோர் நிற்பதைச் சொன்னால் சட்டென்று புரியும். வட இந்தியராக இருந்தால் முண்டன் சடங்கைச் சொன்னால் பாதி வேலை முடிந்தது. ஆனால் அவசரத்துக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். சந்தன மொட்டைக் குழந்தையோடு நீங்கள் இருக்கும் படம் அன்று மாலைக்குள் எல்லார் வாட்ஸ்அப்பிலும் வந்துவிடும். அடுத்த முறை உண்மையிலேயே காய்ச்சல் வந்தாலும் யாரும் நம்பமாட்டார்கள்.

பெரும்பாலும் காரியம் கெடுவது தாமதத்தால்தான். பத்திரிகை அச்சாகி வரட்டும் என்று காத்திருக்கும்போது, அதே வாரத்தில் அலுவலகத்தில் வேறு ஏதாவது முடிவாகிவிடும். ஊரில் நாள் குறித்துப் போன் வந்த அன்றைக்கே மேலாளருக்கு எழுதிவிடுங்கள்.