யானைக்கும் அடி சறுக்கும்: யாரிடம் சொல்வது?

எட்டாம் வகுப்புத் தேர்வுத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தேன். பழமொழியைக் கொடுத்து, அதை ஒரு வாழ்க்கை நிகழ்வோடு பொருத்தி எழுதச் சொல்லும் கேள்வி. 'யானைக்கும் அடி சறுக்கும்' என்பதைக் கொடுத்திருந்தேன். ஒரு மாணவி இப்படி எழுதியிருந்தாள்: "என் தம்பி கணக்குத் தேர்வில் தோற்றுவிட்டான். 'யானைக்கும் அடி சறுக்கும்' என்று அம்மா அவனைத் தேற்றினார்."

எழுத்துப் பிழை இல்லை, ஒற்றும் சரியாக இருந்தது. முழு மதிப்பெண் போடப் போனவள் ஏதோ இடிக்கிறதே என்று நிறுத்திவிட்டேன். மறுநாள் அவளைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"தம்பி கணக்குல எப்படிம்மா?"

"எப்பவுமே பெயில்தான் டீச்சர். அவனுக்குக் கணக்கே வராது."

இடித்தது இதுதான். அந்தப் பழமொழிக்கு முதலில் ஒரு யானை வேண்டும். தடுமாறாமல் நடக்கிறவர் என்று ஊரே அறிந்த ஒருவர், ஒரு நாள் தடுமாற வேண்டும். எப்போதும் தோற்கிறவனிடம் போய் இதைச் சொன்னால் தேறுதல் ஆகாது, கேலியாகத்தான் காதில் விழும். "பெரியவர்களும் தவறு செய்வார்கள்" என்று நோட்டில் எழுதி வைத்த பொருளை அவள் சரியாகத்தான் மனப்பாடம் செய்திருந்தாள். அதை யாரிடம் சொல்லலாம் என்பதை நான் சொல்லித்தரவில்லை. தவறு என்னுடையது.

இருவரும் சேர்ந்து அந்த நிகழ்வைத் திருத்தினோம். தம்பி எப்போதும் 95-க்குக் குறையாமல் வாங்குகிறவன். தேர்வுக்கு முதல் நாள் காய்ச்சல். இந்த முறை 58. விடைத்தாளை ஒளித்து வைத்துக்கொண்டு சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறான். பாட்டி பக்கத்தில் வந்து, "யானைக்கும் அடி சறுக்கும்டா, எழுந்து சாப்பிடு" என்கிறாள். இப்போது பொருந்துகிறது. பாட்டி அவனை யானை என்று சொல்லிவிட்டாள். தேறுதலே அந்தச் சொல்லில்தான் இருக்கிறது, சறுக்கலில் இல்லை.

அதே வாக்கியத்தைத் தம்பியே தன்னைப் பற்றிச் சொன்னால்? 58 வாங்கியவன் தன்னை யானை என்று சொல்லிக்கொள்கிறான்; அது தற்பெருமை. தேர்வுக்கு முன்பே, "எனக்கெல்லாம் படிக்கவே வேண்டாம்" என்று திரிகிறவனிடம் பாட்டி சொன்னால்? அப்போது அது எச்சரிக்கை. சொற்கள் மாறவில்லை. சொல்கிறவர், கேட்கிறவர், நேரம் இந்த மூன்றும் மாறின. தற்பெருமை, தேறுதல், எச்சரிக்கை என்று மூன்று வேலைகளை ஒரே பழமொழி செய்துவிட்டது.

அன்றிலிருந்து என் வகுப்பில் பழமொழிக்குப் பொருள் எழுதுவதற்கு முன் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்கிறேன். யார் சொல்கிறார்? யாரிடம் சொல்கிறார்? காரியம் நடப்பதற்கு முன்பா, நடந்த பின்பா? கடைசிக் கேள்வியைத்தான் பிள்ளைகள் அதிகம் தவறவிடுகிறார்கள். 'ஆழம் தெரியாமல் காலை விடாதே' என்பதைக் கடன் வாங்கிக் கடை வைக்கப் போகிறவனிடம் சொல்ல வேண்டும். கடை மூடிய பிறகு சொன்னால் அது வெந்த புண்ணில் வேல். 'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' முழுக்க முழுக்கப் பின்பு சொல்வது. அதுவும் பெரும்பாலும் மூன்றாம் மனிதரைப் பற்றிச் சொல்வதே தவிர, சம்பந்தப்பட்டவர் முகத்துக்கு நேரே சொல்வதில்லை.

பிள்ளைக்குப் புரிந்ததா என்று கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று இருக்கிறது. எழுதிய நிகழ்வில் பழமொழியை மட்டும் விரலால் மூடிக்கொள்ளுங்கள். அந்த இடத்தில் வேறு ஒரு பழமொழியை வைத்துப் படியுங்கள். "ஒரு நாள் ராமு வயலில் வேலை செய்தான். அப்போது தாத்தா, '...' என்று அறிவுரை கூறினார்." இந்த இடைவெளியில் எந்தப் பழமொழியை வேண்டுமானாலும் வைக்கலாம், எல்லாம் உட்கார்ந்துகொள்ளும். அப்படியானால் பிள்ளை நிகழ்வு எழுதவில்லை, பழமொழிக்கு மேற்கோள் குறி மட்டும் போட்டிருக்கிறது. மூடிய பிறகும், "இங்கே இதைத்தான் சொல்ல முடியும்" என்று படிக்கிறவருக்குத் தோன்றினால் அது நிகழ்வு.

இந்த முறை புதிது அல்ல. பதினெண்கீழ்க்கணக்கில் ஒன்றான பழமொழி நானூறு, முன்றுறை அரையனார் செய்தது. அதில் பொதுவாகச் செய்தி முன்னே வரும். அதைச் சொல்லி முடித்துவிட்டு, பாட்டின் கடைசியில் பழமொழியைக் கொண்டுவந்து நிறுத்துவார். இடம் முதலில், சொல் பிறகு. நாம் பள்ளியில் அதைத் தலைகீழாக்கிவிட்டோம். பழமொழியைக் கொடுத்து, அதற்கு ஒரு கதையைத் தேடச் சொல்கிறோம்.

தொகுப்பு நூல்களிலும் இந்தச் சிக்கல் உண்டு. பெர்சிவல் 1874-ல் ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட தமிழ்ப் பழமொழிகளை ஆங்கில மொழிபெயர்ப்போடு வெளியிட்டார். மாபெரும் உழைப்பு. ஆனால் அகரவரிசையில் இருப்பதால், தேறுதல் சொல்ல எது, கண்டிக்க எது என்று அதில் தேட முடியாது. 1897-ல் வந்த ஜென்சனின் தொகுப்பு பழமொழிகளைப் பொருள் வாரியாகப் பிரித்து வைத்தது. வகுப்புக்கு உதவுவது இந்த இரண்டாவது வழிதான் என்பேன். பத்துப் பழமொழிகளை 'அ' முதல் 'ஔ' வரை ஒப்பிப்பதைவிட, தோற்றவனைத் தேற்றும் மூன்று பழமொழிகளை வித்தியாசம் தெரிந்து சொல்கிற பிள்ளை மேல்.

இன்னொரு தடை, பொருள்களே கண்ணில் படாமல் போனது. 'சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும்' என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, "அகப்பை பார்த்தவர்கள் கை தூக்குங்கள்" என்றேன். நாற்பது பேரில் ஒரு கை எழவில்லை. அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒன்றை எடுத்துப் போனேன். பாதிக் கொட்டாங்கச்சி, விளிம்புக்குக் கொஞ்சம் கீழே எதிரெதிராக இரண்டு துளை, துளைகளில் செருகிய மூங்கில் காம்பு. அவ்வளவுதான். கையில் வாங்கிப் பார்த்தார்கள், முகர்ந்தும் பார்த்தார்கள். வாய் குறுகிய ஒரு மண்சட்டியையும் கொண்டுபோயிருந்தேன். உள்ளே என்ன இருக்கிறது என்று மேலிருந்து சரியாகத் தெரியாது. அகப்பையை அடி வரை விட்டு எடுத்தால்தான் தெரியும். சட்டி வெறுமையாக இருந்தால் எவ்வளவு துழாவினாலும் ஒன்றும் வராது.

"யார் யாரிடம் சொல்வார்கள்?" என்று கேட்டேன். பின்வரிசையிலிருந்து ஒரு பையன், "எங்க அப்பா சொல்வாரு டீச்சர். பண்டிகைக்குப் புது செல்போன் கேட்டா, 'சட்டியில இருந்தாத்தானடா அகப்பையில வரும்'னு சொல்வாரு" என்றான். வகுப்பு ஒரு நிமிடம் அமைதியாக இருந்தது. அந்த அப்பாவுக்குக் கொடுக்க மனமில்லாமல் இல்லை, கையில் இல்லை. பொருளுரையில் வராத அந்த வேதனையைப் பையன் ஒரே வரியில் சொல்லிவிட்டான். படிக்காமல் தேர்வுக்குப் போகிற பிள்ளையிடம் அம்மா சொல்லும்போது இதே பழமொழி கண்டிப்பாகிவிடும் என்பதையும் பிறகு அவர்களே கண்டுபிடித்தார்கள்.

அப்போது ஒரு மாணவி எழுந்தாள். "டீச்சர், இது தப்பாமே. 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்'ங்கிறதுதான் சரியாம். சஷ்டி விரதம் இருந்தா கருப்பையில குழந்தை வரும்னு அர்த்தமாம்."

இந்தக் கேள்வி எல்லா வகுப்பிலும் வருகிறது, ஆசிரியர் மழுப்பக் கூடாது. 'அகப்பை' என்பது கரண்டிக்கு வழங்கும் பழைய சொல். சட்டியும் அகப்பையும் ஒரே அடுப்பங்கரைப் பொருள்கள், வாக்கியத்தில் அவை இயல்பாகச் சேர்ந்து நிற்கின்றன. 'அகம்', 'பை' என்று பிரித்துக் கருப்பை என்று கொள்வது ஒலி ஒற்றுமையைப் பிடித்துக்கொண்டு பின்னர் கட்டிய விளக்கம். அதைவிட வலுவான சான்று வழக்கு. மக்கள் இந்தப் பழமொழியை எந்த இடத்தில் சொல்கிறார்கள் என்று பாருங்கள். கையில் இல்லாதபோதும் தலையில் இல்லாதபோதும் சொல்கிறார்கள். அந்தப் பையனின் அப்பா விரதத்தைப் பற்றிப் பேசவில்லை. "உண்மையான பொருள்" என்று சுற்றிவருகிற இப்படிப்பட்ட விளக்கங்களை எல்லாம் இந்த உரைகல்லில்தான் உரைத்துப் பார்க்க வேண்டும்.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் இருப்பதும் பிள்ளைகளைத் தடுக்கி விழவைக்கும். 'காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்' என்றால் என்ன என்று கேட்டதற்கு, "நேரம் கிடைக்கும்போதே எதிரியைத் திட்டிவிட வேண்டும்" என்று ஒருவன் எழுதியிருந்தான். அவனுக்குத் தெரிந்த 'தூற்றுதல்' பழித்தல்தான். களத்து மேட்டில் நடப்பது வேறு. கதிரடித்த நெல்லை முறத்தில் அள்ளித் தலைக்கு மேலே தூக்கி மெல்லச் சரிப்பார்கள். கனத்த நெல் காலடியில் குவியும், பதரும் தூசியும் காற்றோடு சற்றுத் தள்ளிப் போய் விழும். காற்று நின்றால் இரண்டும் ஒரே குவியலில் விழுந்து வேலை கெடும். காற்றை நாம் வரவழைக்க முடியாது. அதனால்தான் இருக்கும்போதே செய் என்கிறார்கள்.

இதற்கு வகுப்பில் கிடைத்த நல்ல நிகழ்வு ஒரு தையல்காரர் வீட்டிலிருந்து வந்தது. தீபாவளிக்கு இருபது நாள் இருக்கிறது, ரவிக்கைத் துணி குவிகிறது. அத்தை களைத்துப்போய் இன்று போதும் என்று எழுந்திருக்கிறார். மாமியார், "இன்னும் ரெண்டு வெட்டி வச்சிடும்மா, காற்றுள்ளபோதே தூற்றிக்கணும். தீபாவளி போனா யார் வருவா?" என்கிறார். சொல்கிறவர் பெரியவர், கேட்கிறவர் வீட்டுப் பெண், நேரம் வாய்ப்பு முடிவதற்கு முன். மூன்று கேள்விக்கும் விடை அதிலேயே இருக்கிறது. பதவியில் இருப்பவர் சொத்துச் சேர்ப்பதைப் பற்றி, "காற்றுள்ளபோதே தூற்றிக்கிறார்" என்று டீக்கடையில் பேசிக்கொள்வதும் உண்டு. அங்கே அது அறிவுரை இல்லை, குற்றச்சாட்டு. இரண்டையும் அடுத்தடுத்து எழுதச் சொன்னால் பிள்ளைகளுக்குத் திசை பிடிபட்டுவிடும்.

எல்லாப் பழமொழிக்கும் இவ்வளவு வேலை தேவையில்லை. 'அகல உழுவதைவிட ஆழ உழு' என்பது படித்தவுடன் விளங்கும். வாரத்துக்கு இரண்டு பழமொழி போதும் என்று வைத்திருக்கிறேன். ஒன்றுக்கு ஒரு வகுப்பு நேரம்.

அடுத்த மாதம் 'அடிமேல் அடி வைத்தால் அம்மியும் நகரும்' வருகிறது. அம்மியைப் பள்ளிக்குத் தூக்கிவர முடியாது. உங்கள் வீட்டுக் கொல்லையில் ஒன்று சும்மா கிடந்தால், பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகளை ஒரு நாள் கூப்பிட்டு, அதைத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள்.