தலையில் அடியா? அன்றைக்கு ஆட்டம் போதும்!

"பையன் நல்லாத்தான் இருக்கான் டாக்டர். மூணு நாளைக்கு முன்னால தலையில கிரிக்கெட் பந்து பட்டுது. காயம் ஒண்ணும் இல்ல. தலைவலி மட்டும் விட மாட்டேங்குது. தடவுறதுக்கு ஏதாவது தைலம் கொடுங்க."

கோடை விடுமுறையில் கிரிக்கெட் பயிற்சி முகாம்கள் ஆரம்பித்தால், இப்படிக் கேட்டுக்கொண்டு வரும் பெற்றோரை நான் தவறாமல் பார்க்கிறேன். தைலத்துக்குப் பதிலாக, 'நரம்பியல் டாக்டரிடம் இன்றைக்கே காட்டுங்கள்' என்று சீட்டு எழுதிக் கொடுப்பேன். சிலருக்கு அதில் வருத்தம்தான். "சித்த வைத்தியர்னு நம்பி வந்தா, இவரும் ஸ்கேன் பக்கம் தள்ளி விடறாரே!" என்று நினைப்பார்கள். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தலையில் அடி பட்டால் உள்ளே இரண்டு விதமான கெடுதல் நேரலாம். ஒன்று, மூளை குலுங்குவது. இதைத்தான் டாக்டர்கள் 'கன்கஷன்' என்கிறார்கள். மூளை கொழகொழப்பான உறுப்பு. ஓடிக்கொண்டிருக்கும் பஸ் திடீரென்று பிரேக் போட்டால் நாம் முன்னே போய் விழுகிறோமே, அதுபோல அது மண்டைக்குள் அசைந்து குலுங்குகிறது. எலும்பு உடைந்திருக்காது, ரத்தம் கசிந்திருக்காது, ஸ்கேன் எடுத்தால்கூட சரியாகவே இருக்கும். ஆனால் மூளையின் வேலை சில நாட்களுக்குத் தடுமாறும்.

இன்னொன்று, ரத்தக் கசிவு. காதுக்கு முன்னால், கண்ணுக்கு வெளியே இருக்கும் நெற்றிப்பொட்டைத் தொட்டுப் பாருங்கள். மண்டை ஓட்டின் மிக மெல்லிய எலும்பு அங்கேதான் இருக்கிறது. அதன் உட்புறத்தை ஒட்டி ஒரு ரத்தக்குழாய் ஓடுகிறது. நம் வர்ம நூல்கள் இந்தப் பகுதி அடியை ஏன் அஞ்சின என்பது இதைப் பார்த்தால் புரியும். அந்தக் குழாய் கிழிந்தால், எலும்புக்கும் மூளையின் மேலுறைக்கும் நடுவே ரத்தம் சேர ஆரம்பிக்கும். சேரச் சேர மூளையை அழுத்தும்.

இதில் பயங்கரம் என்னவென்றால், அடி பட்டவர் நடுவில் கொஞ்ச நேரம் தெளிவாக இருப்பார். எழுந்து நடப்பார், பேசுவார், தண்ணீர் குடிப்பார். சில நிமிடங்களோ சில மணி நேரமோ கழித்துத் தலைவலி ஏறும், வாந்தி வரும், மயக்கம் வரும். இந்திய வீரர் ராமன் லம்பாவை நினைவிருக்கிறதா? 1998 பிப்ரவரியில் டாக்காவில் ஒரு கிளப் ஆட்டம். ஹெல்மெட் இல்லாமல் பேட்ஸ்மேனுக்கு மிக அருகில் ஃபீல்டிங் நின்றார். அடித்த பந்து தலையில் பட்டது. தானே எழுந்து நடந்துதான் மைதானத்தை விட்டு வெளியே போனார். அதன் பிறகே நிலைமை மோசமானது. அறுவை சிகிச்சை செய்தும் பலனில்லாமல் மூன்று நாளில் இறந்துபோனார். அப்போது அவருக்கு வயது 38.

ஆகவே, 'எழுந்து நடந்தான், எனவே ஒன்றுமில்லை' என்ற கணக்கு தப்பு. 'மயங்கி விழவில்லை' என்பதும் ஆறுதல் இல்லை. மூளை குலுங்கியவர்களில் பெரும்பாலானோர் மயங்குவதே இல்லை. வெளியே புடைத்த வீக்கத்தின் அளவை வைத்தும் உள்ளே நடப்பதை அளக்க முடியாது.

சரி, மைதானத்தில் என்ன பார்ப்பது? ஒரு பையனை எடுத்துக்கொள்வோம். வயது 13. சனிக்கிழமை மாலை நாலு மணி. எகிறி வந்த பந்து ஹெல்மெட்டின் பக்கவாட்டில் 'டங்' என்று பட்டது. கொஞ்சம் தள்ளாடினான். இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான். அரை நிமிடத்தில் எழுந்து, "ஒண்ணும் இல்ல சார், ஆடறேன்" என்கிறான்.

இங்கேயே முடிவு செய்துவிட வேண்டும். தள்ளாடினான், தலையைப் பிடித்தான். அவ்வளவு போதும், இன்றைக்கு ஆட்டம் முடிந்தது. மயங்கி அசையாமல் கிடந்தாலோ, கண் நிலைகுத்தி வெறித்துப் பார்த்தாலோ, கேட்டதற்குத் தாமதமாகப் பதில் சொன்னாலோ, "தலை சுத்துது", "வெளிச்சம் கூசுது", "ஒரு மாதிரியா இருக்கு" என்று சொன்னாலோ இதே முடிவுதான். இவற்றில் ஒன்றே ஒன்று இருந்தாலும் போதும். சந்தேகம் என்றாலும் வெளியேதான். அவன் பேச்சைச் சாட்சியாக எடுக்காதீர்கள். அணியில் இடம் போய்விடுமே என்ற பயம் அவனுக்கு. அதோடு குழம்பிய மூளைதான் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று தீர்ப்பும் சொல்கிறது.

சிலர் "உன் பேர் என்ன? அப்பா பேர் என்ன?" என்று கேட்டுப் பார்ப்பார்கள். அதில் பிரயோஜனம் இல்லை. மூளை குலுங்கியவனும் பெயரைச் சரியாகச் சொல்வான். தடுமாறுவது சற்று முன் நடந்த சமாசாரத்தில்தான். "இது எந்த கிரவுண்ட்? கடைசியா அவுட் ஆனது யார்? போன மேட்ச் யாரோட ஆடினோம்? ஜெயிச்சோமா?" இப்படிக் கேளுங்கள். சின்னப் பிள்ளையானால் "சாப்பாட்டுக்கு முன்னால ஆடறோமா, பின்னால ஆடறோமா?" என்று கேட்கலாம். ஒரு பதில் தவறினாலும் மூளை குலுங்கியிருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் சரியாகச் சொன்னாலும், ஏற்கெனவே தள்ளாடியவனுக்கு அது ஆடுவதற்கான அனுமதிச் சீட்டு ஆகாது. தவறினால் ஆபத்து என்று சொல்லத்தான் இந்தச் சோதனை. தேறினால் பத்திரம் என்று சொல்வதற்கு அல்ல.

பெரிய ஆட்டக்காரர்களுக்கே இதில் ஏமாற்றம் உண்டு. 2019 ஆகஸ்டில் லார்ட்ஸ் மைதானத்தில் ஸ்டீவ் ஸ்மித்துக்குக் கழுத்தில், காதுக்குக் கீழே பந்து பட்டது. அணி டாக்டர் சோதித்தார், தேறினார், மறுபடி இறங்கி ஆடினார். மறுநாள் காலையில்தான் தலைவலியும் மந்தமும் தெரிந்தன. அந்த ஆட்டத்திலிருந்தும், அடுத்த டெஸ்டிலிருந்தும் அவர் விலக்கப்பட்டார். கூடவே டாக்டர் இருந்தவருக்கே இப்படி என்றால், நம் தெருமுனை முகாமில் யார் பார்க்கப்போகிறார்கள்?

'இன்னும் ரெண்டு ஓவர்தானே, ஆடி முடிக்கட்டுமே' என்றால் என்ன நஷ்டம்? குலுங்கிய மூளை தேறுவதற்கு முன் இரண்டாவது அடி பட்டால், சிறிய அடியாக இருந்தாலும், அரிதாக மூளை சட்டென்று வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். இது பெரும்பாலும் இளவயதினருக்கு நேர்வதாகவே பதிவுகள் உண்டு. அப்படி நேராவிட்டாலும், குணமாகும் நாட்கள் நீளும்.

நம் பையனை உட்கார வைத்தாயிற்று. தனியே விடக் கூடாது. சைக்கிளில் வீட்டுக்கு அனுப்பவும் கூடாது. ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வீக்கத்தின் மேல் பத்து நிமிடம் வைக்கலாம். அன்றைக்கோ மறுநாளோ ஒரு டாக்டர் பார்த்துவிட வேண்டும்.

ஆனால் கீழே சொல்கிறவற்றில் ஒன்று தெரிந்தாலும் நாளை என்ற பேச்சே கிடையாது. உடனே 108-ஐக் கூப்பிட்டு, ஸ்கேன் வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தலைவலி குறையாமல் ஏறிக்கொண்டே போவது. திரும்பத் திரும்ப வாந்தி. எழுப்பினாலும் சரியாக விழிக்காத தூக்கம். ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருப்பது. வலிப்பு. பேச்சு குழறல், கை கால் பலவீனம் அல்லது மரமரப்பு. மூக்கு, காது வழியாகத் தண்ணீர் போலவோ ரத்தமாகவோ வடிவது. வழக்கத்துக்கு மாறான முரண்டும் குழப்பமும். கழுத்தில் கடும் வலி இருந்தால் தலையையும் கழுத்தையும் அசைக்காமல், கிடக்கிற இடத்திலேயே வைத்து ஆம்புலன்ஸுக்குக் காத்திருங்கள். ஒரே ஒரு வாந்தி என்றால்கூட அன்றிரவே டாக்டரிடம் காட்டிவிடுவது நல்லது.

இனி வீட்டுப் பக்குவம். என் துறை சம்பந்தப்பட்டது என்பதால் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அடி பட்ட தலைக்குத் தொக்கணம் வேண்டாம், அழுத்தித் தைலம் தேய்க்க வேண்டாம், மூக்கில் மருந்து விடும் நசியம் வேண்டாம். "வர்மம் தட்டி எடுத்துடறேன்" என்று யாராவது கிளம்பினால், ஆஸ்பத்திரியில் பார்த்த பிறகு வருகிறோம் என்று சொல்லிவிடுங்கள். பாட்டி அன்பாகக் கசகசாப் பாலோ, ஜாதிக்காய் உரைத்த பாலோ கொடுக்க வருவார். அன்றிரவு அது கூடாது. மருந்தால் வந்த தூக்கமா, மூளை அழுத்தத்தால் வந்த மயக்கமா என்று பிரித்துப் பார்க்க முடியாமல் போய்விடும். தூக்கம் வரவழைக்கும் இருமல் சிரப்புக்கும் இதே தடைதான். வலிக்கு, எடைக்கு ஏற்ற அளவில் பாராசிட்டமால் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் வேண்டாம். உள்ளே கசிவு இருந்தால் அதிகமாகிவிடும்.

"ராத்திரி பூரா தூங்க விடாதே" என்பதும் பழைய பேச்சு. ஆபத்தான அறிகுறி இல்லாதவனுக்குத் தூக்கம் நல்லதே. பெரியவர் ஒருவர் பக்கத்தில் படுத்துக்கொள்ளுங்கள். எழுப்பிப் பார்க்கும்படி டாக்டர் சொல்லியிருந்தால் அதன்படி செய்யுங்கள். சந்தேகமாக இருந்தால் லேசாகத் தட்டுங்கள். வழக்கம்போல முனகித் திரும்பிப் படுத்தால் சரி. எழுப்பவே முடியவில்லை என்றால் விடியும் வரை காத்திருக்கக் கூடாது.

நம் பையனுக்குச் சனி இரவு தலைவலி லேசாக இருந்தது, ஏறவில்லை. டாக்டர் பார்த்து, கன்கஷன்தான் என்றார். ஞாயிறும் திங்களும் வீட்டில் ஓய்வு. ஓய்வு என்றால் இருட்டறையில் படுத்துக் கிடப்பது அல்ல. மெல்ல நடக்கலாம், பேசலாம். செல்போன், டி.வி. இரண்டையும் முடிந்தவரை தள்ளி வைக்க வேண்டும். பிறகு பள்ளிக்கூடம், முதலில் அரை நாள். பாடத்தில் மனம் நிற்கவில்லை, எரிச்சல் படுகிறான் என்றால் வாத்தியாரிடம் விஷயத்தைச் சொல்லி வையுங்கள். சோம்பேறி என்று திட்டு வாங்க வேண்டாம்.

விளையாட்டுக்குத் திரும்புவது படிப்படியாக. முதலில் நடை, அப்புறம் மெது ஓட்டம், பிறகு பந்து இல்லாமல் பயிற்சி, அதற்குப் பின் வலையில் மெதுவான பந்து. ஒவ்வொரு படியிலும் குறைந்தது ஒரு நாள் நிறுத்துங்கள். தலைவலி திரும்பினால் ஒரு படி கீழே இறங்க வேண்டும். வேகப்பந்தை எதிர்கொள்வது, எல்லா அறிகுறியும் மறைந்து டாக்டர் சரி சொன்ன பிறகே. பிரிட்டனில் 2023-இல் வெளியான பொதுவிதி, அடி பட்டு 21 நாட்களுக்கு முன் போட்டி ஆட்டம் கூடாது என்கிறது. கூடவே டாக்டர் இல்லாத நம் பிள்ளைகளுக்கும் அந்தக் கணக்கு பொருந்தும் என்பது என் அபிப்பிராயம்.

கடைசியாக அந்த ஹெல்மெட்டைப் பற்றி. அது மண்டை எலும்பைத்தான் காக்கும், மூளை குலுங்குவதைத் தடுக்காது. பலமான அடி வாங்கிய ஹெல்மெட்டில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம். விலை அதிகம்தான், ஆனாலும் தம்பிக்கு ஆகுமே என்று எடுத்து வைக்காமல் வேறு வாங்கிக்கொள்ளுங்கள்.